உப்பு போட்டால் ஐஸ் உருகத்தானே செய்யும், அப்புறம் எப்படி இன்னும் குளிர்கிறது?

கையால் சுற்றி ஐஸ்கிரீம் செய்யும் வாளியைப் பார்த்திருப்பீர்கள். வெளியே மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஒரு வாளி, அதற்குள் பால் கலவை ஊற்றிய ஒரு உலோக டப்பா, டப்பாவுக்குள் ஒரு துடுப்பு, மேலே சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. டப்பாவுக்கும் வாளிக்கும் இடையில் இருக்கிற சந்தில் உடைத்த ஐஸைக் கொட்டி, அதன்மேல் கல் உப்பைத் தூவிவிட்டுச் சுற்ற ஆரம்பிப்பார்கள். 1843-இல் அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண் இந்த மாதிரி கருவிக்குக் காப்புரிமை வாங்கினார், அதன் அடிப்படை அமைப்பு இன்றைக்கும் ஏறக்குறைய அதேதான்.

இதை முதல்முறை பார்க்கிற யாருக்கும் ஒரு கேள்வி வரும், வரவும் வேண்டும். உப்பு போட்டால் ஐஸ் வேகமாக உருகுகிறது, அது கண்ணுக்கே தெரிகிறது. உருகுகிறது என்றால் சூடாகிறது என்றுதானே அர்த்தம்? அப்புறம் எப்படி அந்த வாளி வெறும் ஐஸை விடக் குளிராகிறது?

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், உருகுவதும் சூடாவதும் ஒன்று என்று நாம் பழகிவிட்டதுதான். உண்மையில் அவை இரண்டும் வேறு வேறு. ஐஸ் உருக வேண்டுமானால் அதற்கு வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தை அது எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ள வேண்டும். எதிலிருந்து எடுக்கிறதோ அது குளிர்கிறது. ஈரக்கையில் காற்று பட்டால் சில்லென்று இருக்கிறதே, அங்கே தண்ணீர் ஆவியாவதற்கான வெப்பத்தை உங்கள் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. உருகும் ஐஸும் அதேபோலத்தான், பக்கத்தில் இருப்பதிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும், ஆனால் ஒரு கிராம் ஐஸ் உருகித் தண்ணீராக மட்டும் 80 கலோரி வேண்டும், அதுவும் வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமலே.

சரி, அப்படியானால் வெறும் ஐஸும் உருகத்தான் செய்கிறது, அதுவும் வெப்பத்தை உறிஞ்சத்தான் செய்கிறது. அது ஏன் போதவில்லை?

ஏனென்றால் வெறும் ஐஸ் உருகுவது 0 டிகிரியில். உருகிக்கொண்டிருக்கும் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளி 0 டிகிரியிலேயே நின்றுவிடும், எவ்வளவு ஐஸ் கொட்டினாலும் அதற்குக் கீழே போகாது. டப்பாவுக்குள் இருக்கும் கலவையோ 0 டிகிரியில் உறையாது. அதில் சர்க்கரை கரைந்திருக்கிறது, பாலில் இருக்கும் பால்சர்க்கரையும் உப்புகளும் வேறு இருக்கின்றன. அதனால் சாதாரண ஐஸ்கிரீம் கலவை உறைய ஆரம்பிப்பதே மைனஸ் 2.5, மைனஸ் 3 டிகிரி பக்கத்தில்தான். உறைய ஆரம்பித்தாலும் ஒரே வெப்பநிலையில் முழுதும் உறைந்துவிடாது. முதலில் கொஞ்சம் தண்ணீர் ஐஸாகப் பிரிந்ததும் மீதியிருக்கும் பாகில் சர்க்கரை கெட்டியாகிவிடும், அது உறைய இன்னும் குளிர் வேண்டும். துடுப்பைச் சுற்ற முடியாத அளவுக்குக் கலவை இறுகும்போது டப்பாவுக்குள் மைனஸ் 5, மைனஸ் 6 டிகிரி இருக்கும், அப்போதுகூட அதில் உள்ள தண்ணீரில் ஏறக்குறைய பாதிதான் உறைந்திருக்கும். வெறும் ஐஸை வைத்து நாள் முழுக்கச் சுற்றினாலும் சில்லென்ற பால்தான் மிஞ்சும்.

அதாவது நமக்குத் தேவை, 0 டிகிரிக்குக் கீழே உருகுகிற ஐஸ். உப்பு செய்கிற வேலை இந்த ஒன்றுதான். உப்பு தன்னோடு குளிரைக் கொண்டுவரவில்லை, ஐஸ் உருகும் வெப்பநிலையைத்தான் கீழே இறக்குகிறது.

இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நெருக்கத்தில் பார்க்கலாம், இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஈரமான ஒரு ஐஸ் துண்டின் மேற்பரப்பை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது சும்மா இருக்கிறது, ஆனால் அங்கே ஒரு நொடிகூட ஓய்வு கிடையாது. ஐஸில் இருக்கும் மூலக்கூறுகள் சில பிய்த்துக்கொண்டு தண்ணீருக்குள் போகின்றன, தண்ணீரில் இருக்கும் மூலக்கூறுகள் சில வந்து ஐஸில் ஒட்டிக்கொள்கின்றன. போவது உருகுதல், வந்து ஒட்டுவது உறைதல். 0 டிகிரியில் இரண்டும் சமமான வேகத்தில் நடக்கின்றன, அதனால்தான் வெப்பம் புகாதபடி மூடிவைத்த ஐஸ் தண்ணீர் அப்படியே இருக்கிறது, ஐஸ் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

இப்போது அந்தத் தண்ணீரில் உப்பைக் கரையுங்கள். உப்பு ஐஸுக்குள் நுழையாது, ஐஸின் அடுக்குக்குள் அதற்கு இடம் கிடையாது, தண்ணீரில் மட்டுமே அது இருக்கும். ஐஸிலிருந்து கிளம்புகிற மூலக்கூறுகளுக்கு இதனால் எந்தத் தடையும் இல்லை, அவை முன்பு போலவே கிளம்பிக்கொண்டிருக்கும். ஆனால் திரும்பி வந்து ஒட்ட வேண்டிய பக்கத்தில், தண்ணீர் மூலக்கூறுகளின் கூட்டத்துக்கு நடுவே உப்பின் துகள்கள் புகுந்து அவற்றைத் தம் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதனால் ஐஸுக்குத் திரும்புகிறவை குறைந்துவிடுகின்றன. கிளம்புவது அதே வேகம், திரும்புவது குறைந்த வேகம், ஆக ஐஸ் உருகுகிறது.

உருக வெப்பம் வேண்டுமே, அதை எங்கிருந்து எடுக்கும்? முதலில் தன்னிடமிருந்தே எடுக்கும், தன்னை ஒட்டியிருக்கும் உப்புநீரிடமிருந்தும் எடுக்கும். ஐஸிலிருந்து ஒரு மூலக்கூறு பிய்த்துக்கொண்டு போகும்போது அதற்கான ஆற்றலைச் சுற்றியிருப்பவை கொடுக்க வேண்டியிருக்கிறது, கொடுத்தவை தம் வேகத்தில் கொஞ்சம் இழக்கின்றன, அதாவது குளிர்கின்றன. இப்படியே மொத்தக் கலவையின் வெப்பநிலையும் 0-விலிருந்து மைனஸ் 1, மைனஸ் 2, மைனஸ் 5 என்று இறங்கிக்கொண்டே போகும். எதுவரைக்கும் என்றால், குளிரக் குளிர ஐஸிலிருந்து கிளம்புவதும் மெதுவாகிவிடும், அந்த மெதுவான வேகமும் திரும்பி வருகிற வேகமும் மறுபடி சமமாகும் இடம் வரைக்கும். உப்புநீர் எவ்வளவு கெட்டியோ அந்த இடம் அவ்வளவு கீழே இருக்கும். எடையில் 10 சதவீதம் உப்பு இருந்தால் அது மைனஸ் 6.5 டிகிரி பக்கத்தில், 15 சதவீதம் என்றால் மைனஸ் 11, 20 சதவீதம் என்றால் மைனஸ் 16.5. ஏறக்குறைய 23 சதவீதத்தில் மைனஸ் 21 டிகிரி வரும், சாதாரண உப்பை வைத்துப் போகக்கூடிய கடைசிப் படி அதுதான். அதற்குமேல் எவ்வளவு உப்பைக் கொட்டினாலும் அது கரையாமல் அடியில் கிடக்குமே தவிர இன்னும் குளிராகாது.

உப்பு கரைவதே வெப்பத்தை எடுக்குமே, அதனால்தான் குளிர்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. அது பொய் இல்லை, ஆனால் அந்தப் பங்கு மிகச் சிறியது. ஒரு கிராம் உப்பு கரையும்போது எடுத்துக்கொள்வது சுமார் 16 கலோரி, ஒரு கிராம் ஐஸ் உருகும்போது எடுப்பது 80, அதிலும் வாளியில் உருகுகிற ஐஸ் கரைகிற உப்பைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். வேலையில் பெரும்பகுதி ஐஸுடையதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். டப்பாவில் ஒரு கிலோ கலவை, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தது, 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 3 கிலோ உடைத்த ஐஸ், 300 கிராம் கல் உப்பு, வேலை சீக்கிரம் தொடங்க ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி, குளிர்ந்த தண்ணீர். கலவையை 5-லிருந்து மைனஸ் 3 வரை இறக்க ஏறத்தாழ 6,400 கலோரியை அதிலிருந்து எடுக்க வேண்டும். அப்புறம் அதிலுள்ள தண்ணீர் சுமார் 600 கிராம், அதில் பாதியை உறையவைக்க 300 கிராமுக்கு 80 வீதம் 24,000 கலோரி. மைனஸ் 6 வரை இன்னும் இறக்க ஒரு 2,000. மொத்தம் 32,400 கலோரி. இதை 80-ஆல் வகுத்தால் சுமார் 400 கிராம். அதாவது ஒரு கிலோ கலவையை ஐஸ்கிரீமாக்க, வெளியே 400 கிராம் ஐஸ் உருகினால் போதும்.

ஆனால் அந்த ஐஸ் தானே குளிர வேண்டியிருக்கிறதே, அதற்கும் செலவு உண்டு. 3 கிலோ ஐஸை 0-விலிருந்து மைனஸ் 12-க்கு இறக்க, ஐஸுக்குக் கிராமுக்கு அரை கலோரி என்ற கணக்கில் 18,000 கலோரி போகும், அதற்காக 225 கிராம் ஐஸ் உருகும். டப்பாவின் உலோகம், வாளியின் சுவர், வெளிக்காற்றிலிருந்து உள்ளே வரும் சூடு எல்லாவற்றுக்குமாக இன்னொரு 200 கிராம் வைத்துக்கொள்ளலாம். ஆக சுமார் 825 கிராம் ஐஸ் உருகியிருக்கும், முதலில் ஊற்றியதோடு சேர்த்தால் 1.1 கிலோ தண்ணீர். 300 கிராம் உப்பு முழுவதும் கரைந்திருந்தால் அது 21 சதவீத உப்புநீர், அதன் எல்லை மைனஸ் 17, 18 பக்கத்தில் இருக்கிறது. நடைமுறையில் வாளி அவ்வளவு தூரம் போவதில்லை. உப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கரைவதில்லை, கொஞ்சம் அடியில் தங்கிவிடும், டப்பாவிலிருந்து தொடர்ந்து வெப்பம் வந்துகொண்டே இருக்கும். மைனஸ் 10-லிருந்து மைனஸ் 15 வரை வந்தால் அது நல்ல வாளி, கலவைக்கும் வாளிக்கும் இடையே அந்த வித்தியாசம் இருந்தாலே 20 முதல் 30 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். உறைபெட்டியில் இருக்கும் ஐஸ் மைனஸ் 18-இல்தானே இருக்கிறது, அதையே அப்படியே எடுத்துப் போட்டால் உப்பு எதற்கு? போட்டுப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும், அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மைனஸ் 18-லிருந்து 0 வரை ஏறுவதற்குள் ஒரு கிராம் ஐஸ் எடுத்துக்கொள்வது 9 கலோரிதான், உருகும்போது எடுக்கும் 80-இன் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை, சீக்கிரமே தீர்ந்துவிடும். அதோடு உலர்ந்த ஐஸ் துண்டுகள் டப்பாவை அங்கங்கே ஒரு புள்ளியில்தான் தொடுகின்றன, மீதி இடமெல்லாம் காற்று, காற்றோ வெப்பத்தைக் கடத்துவதில் மிக மோசம். உப்புநீர் அப்படியில்லை, திரவம் என்பதால் டப்பாவின் சுவர் முழுவதையும் ஒட்டி நின்று, அங்கிருந்து எடுத்த வெப்பத்தை ஐஸிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வாளியில் தேங்கும் அந்த உப்புநீரை வீண் என்று நினைத்து வடித்துவிடுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து வடிக்காதீர்கள், வேலை செய்வதே அதுதான். வாளியின் மேல்பக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கும், உப்புநீர் டப்பாவின் மூடி வரை ஏறிவிடாமல் வழிந்துபோக அது. அந்த ஓட்டை ஐஸால் அடைபடாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இதை நம்பச் சொல்லாமல் நீங்களே பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது, தெர்மாமீட்டர்கூட வேண்டாம். இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் பொடித்த ஐஸை நிரப்பி, இரண்டிலும் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு, ஒன்றில் மட்டும் இரண்டு ஸ்பூன் உப்பைப் போட்டுக் கிளறிவிட்டு ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். வெறும் ஐஸ் இருக்கும் டம்ளரின் வெளியே வியர்த்தது போல நீர்த்துளிகள் நிற்கும். உப்பு போட்டதன் வெளியே வெள்ளையாக உறைபனி பூத்திருக்கும், விரல் நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக வரும். காற்றில் இருக்கும் ஈரம் உறைய வேண்டுமானால் அந்தச் சுவர் 0 டிகிரிக்குக் கீழே இருந்தாக வேண்டும், அந்த வெள்ளைப் படிவம்தான் சாட்சி. ஒரு எச்சரிக்கை: உப்பு கலந்த ஐஸைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள், குழந்தைகள் பந்தயம் வைத்துப் பிடிக்கவும் விடாதீர்கள். மைனஸ் 15 டிகிரி ஈரம் தோலில் ஒட்டி நின்றால் தீப்புண் போலவே கொப்புளம் வந்துவிடும்.

வாளி சரியாக வேலை செய்கிறதா என்பதும் சில அடையாளங்களில் தெரியும். சுற்ற ஆரம்பித்துப் பத்து நிமிடமாகியும் கைப்பிடி லேசாகவே சுற்றுகிறது, மேலே தெரியும் ஐஸ் அப்படியே கட்டியாக இருக்கிறது என்றால் உப்பு குறைவு, அல்லது உப்பு எல்லாம் ஒரே இடத்தில் விழுந்துவிட்டது. இன்னும் ஒரு கைப்பிடி உப்பைத் தூவி ஐஸைக் குத்திக் கிளறிவிட்டால் சரியாகும். இதைக் கவனிக்காமல் முக்கால் மணி நேரம் சுற்றிக்கொண்டே போனால், உறையாத கலவையில் கொழுப்பு ஒன்றோடொன்று சேர்ந்து வெண்ணெய்க் குருணையாகத் திரண்டுவிடும், சாப்பிடும்போது நாக்கில் எண்ணெய்ப் படலம் போல ஒட்டும். அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை.

உப்பு கூடினாலும் தொல்லைதான். ஐந்து நிமிடத்திலேயே கைப்பிடி இறுகி நின்றுவிட்டால் உள்ளே எல்லாம் உறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். டப்பாவின் சுவரை ஒட்டிய கலவை மட்டும் சட்டென்று கெட்டியான தோடாகி, துடுப்பு அதைச் சுரண்ட முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கும், நடுவில் இருப்பது இன்னும் பாலாகவே இருக்கும். துடுப்பு செய்ய வேண்டியதே, சுவரில் உறைகிற மெல்லிய படலத்தை உடனுக்குடன் சுரண்டி நடுவில் கொண்டுபோய்க் கலப்பதுதான். அப்படிச் செய்தால்தான் ஐஸ் படிகங்கள் பொடியாக இருந்து ஐஸ்கிரீம் வழவழப்பாக வரும். அதனால்தான் சுற்றும் நேரத்தில் எடைக்கு எட்டில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை உப்பு போதும் என்பது, நம் கணக்கில் 3 கிலோவுக்கு 300 கிராம் வைத்ததும் அதனால்தான்.

உப்பு எந்த மாதிரி என்பதும் கொஞ்சம் முக்கியம். பொடி உப்பும் கல் உப்பும் ஒரே பொருள்தான், இரண்டும் கரைந்தபின் ஒரே அளவு குளிர்விக்கும். ஆனால் பொடி உப்பு நனைந்ததும் கட்டிக்கொள்ளும், அல்லது சந்துகள் வழியாக நேராக அடிக்கு இறங்கிவிடும். கல் உப்பு ஐஸ் துண்டுகளுக்கு நடுவே தங்கி மெல்ல மெல்லக் கரைவதால், உருகும் தண்ணீர் உப்பின் கெட்டியைக் குறைத்துக்கொண்டே வரும்போது அது ஈடுகட்டிக்கொண்டே வரும். ஒரு அடுக்கு ஐஸ், மேலே கொஞ்சம் உப்பு, மறுபடி ஐஸ் என்று போடுங்கள், மேல் அடுக்குகளில் உப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும், கரைந்தது எப்படியும் கீழேதான் வழியும்.

உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டால் நடக்காதா என்றால், நடக்கும், ஆனால் மிகக் கொஞ்சம். எத்தனை துகள்கள் கரைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே உறைநிலை இறங்குகிறது. சர்க்கரையின் மூலக்கூறு மிகப் பெரியது, ஒரு கிராமில் எண்ணிக்கை குறைவு, உப்போ கரைந்ததும் ஒவ்வொன்றும் இரண்டு துகளாகப் பிரிந்துவிடுகிறது. எடைக்கு எடை பார்த்தால் உப்பு பத்து மடங்குக்கும் மேல் வேலை செய்கிறது.

சுற்றி முடித்தபின் டப்பாவில் இருப்பது குழைவாகத்தான் இருக்கும், அது சரிதான். கெட்டியாக வேண்டுமென்றால் துடுப்பை எடுத்துவிட்டு, மூடியை அடைத்து, உப்புநீரை இப்போது வடித்துவிட்டு, புது ஐஸும் முன்பைவிட இரண்டு மடங்கு உப்பும் போட்டு, வாளியைத் தடித்த துணியால் மூடி ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ விடுங்கள். சுரண்ட வேண்டிய வேலை இனி இல்லை என்பதால் உப்பைக் கூட்டுவதில் பயமில்லை. மூடியைத் திறக்கும் முன் ஒவ்வொரு முறையும் அதன் விளிம்பைத் துணியால் நன்றாகத் துடையுங்கள், வெளியே ஐஸை உருகவைத்த அதே உப்புநீர் உள்ளே கொஞ்சம் ஒழுகினாலும் ஐஸ்கிரீம் உப்புக் கரிக்கும், சொட்டிய இடம் கெட்டியாகாமல் கூழாகவே நிற்கும்.